உணவுக் கோளாறுக்கு உள்நோயாளிச் சிகிச்சை: இன்சூரன்ஸ் மறுத்தால் மேல்முறையீட்டுக் கடிதம் எழுதுவது எப்படி?

சாப்பாட்டைத் தவிர்த்து உடல் மெலிந்துபோகும் உணவுக் கோளாறான அனோரெக்சியா தீவிரமாகி, அதற்கு வாரக்கணக்கில் தங்கிச் சிகிச்சை எடுத்த பிறகு இன்சூரன்ஸ் கம்பெனியிடமிருந்து வரும் மறுப்பு பல நேரம் இரண்டு வரிதான். ‘இது ஓய்வும் மறுவாழ்வும் சார்ந்த அனுமதி, Excl05 விதிவிலக்கின் கீழ் வருகிறது. வெளிநோயாளியாகவே சிகிச்சை பெற்றிருக்கலாம்.’ இந்த இரண்டு வரியை எப்படி உடைப்பது என்பதைப் பற்றித்தான் இந்த வழிகாட்டி. மறுப்புக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் தங்கிச் சிகிச்சை தரும் மையங்களைப் பொறுத்தவரை சண்டை அநேகமாக இந்த இடத்தில்தான் நடக்கும்.

விளக்க வசதிக்காக ஒரு மாதிரிக் குடும்பத்தை வைத்துக்கொள்வோம். வளசரவாக்கத்தில் அப்பா, அம்மா, கல்லூரியில் படிக்கும் 19 வயது மகள். மூவருக்கும் சேர்த்து 5 லட்சம் ரூபாய்க்குக் குடும்ப பாலிசி, ஏழாவது வருடமாக இடைவெளி இல்லாமல் ஓடுகிறது. மகளுக்கு ஐந்து மாதம் வாராவாரம் மனநல மருத்துவரிடமும் டயட்டீஷியனிடமும் வெளிநோயாளிச் சிகிச்சை நடந்தது. எடை இறங்கிக்கொண்டே போனது. ஒருநாள் மயங்கி விழுந்தாள். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 42, ரத்தத்தில் பொட்டாசியம் 2.8. பொது மருத்துவமனையில் 9 நாள் இருந்தாள். அதற்கான 1,12,000 ரூபாயை கம்பெனி கட்டிவிட்டது. அங்கிருந்து நேராக ஈ.சி.ஆர். பக்கம் உள்ள, தங்கிச் சிகிச்சை தரும் ஒரு மனநல மையத்துக்கு மாற்றினார்கள். அங்கே 42 நாள், நாளுக்கு 9,000 வீதம் 3,78,000 ரூபாய். இந்தத் தொகைக்குத்தான் மறுப்பு வந்திருக்கிறது.

முதலில், எது மறுக்கப்பட்டது என்று பாருங்கள்

கேஷ்லெஸ் மறுப்பு வேறு, கிளெய்ம் மறுப்பு வேறு. அனுமதிக்கும்போது, கம்பெனிக்காகக் கிளெய்ம்களைக் கையாளும் டி.பி.ஏ. நிறுவனம் ‘கேஷ்லெஸ் தர முடியாது’ என்று சொன்னதோடு பல குடும்பங்கள் நின்றுவிடுகின்றன. அது பணமே கிடையாது என்ற முடிவு அல்ல. கையிலிருந்து கட்டிவிட்டு, பாலிசியில் சொல்லியிருக்கும் நாட்களுக்குள் ரீஇம்பர்ஸ்மென்ட் கிளெய்ம் போட வேண்டும். அதையும் மறுத்து எழுத்தில் தந்தால்தான் மேல்முறையீட்டுக்குப் பிடி கிடைக்கும்.

அந்தக் கடிதத்தில் பாலிசியின் எந்த விதி என்று குறிப்பிட்டிருக்கிறார்களா? காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 மே 29 அன்று வெளியிட்ட மாஸ்டர் சர்க்குலர்படி, கம்பெனியின் கிளெய்ம் மறுஆய்வுக் குழு பார்க்காமல் எந்தக் கிளெய்மையும் நிராகரிக்கக் கூடாது. காரணத்தையும் பாலிசியின் குறிப்பிட்ட விதியோடு சொல்ல வேண்டும். ‘மருத்துவத் தேவை இல்லை’ என்று மட்டும் வந்திருந்தால், விதி எண் என்ன, மறுஆய்வுக் குழு இதை எப்போது பார்த்தது என்று ஒரு சின்ன மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதையும் கடிதத்தில் ஒரு குறையாக எழுதலாம்.

அப்புறம் பாலிசி வேர்டிங். விளம்பரக் கையேட்டை நம்பாதீர்கள். முழு விதிகள் உள்ள பி.டி.எஃப்.பை, அனுமதி நடந்த வருடத்துக்கு உரிய பதிப்பாகப் பார்த்து இறக்கிக்கொள்ளுங்கள்.

Excl05 உண்மையில் என்ன சொல்கிறது

2019 செப்டம்பர் 27 அன்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. எல்லா மருத்துவ பாலிசிகளுக்கும் விதிவிலக்குகளின் வாசகத்தை ஒரே மாதிரி ஆக்கியது. அதனால் எந்தக் கம்பெனி பாலிசியிலும் இந்த எண்ணின் கீழ் ஏறத்தாழ ஒரே வாசகம்தான் இருக்கும். அதன் சாரம் இதுதான்: சிகிச்சை பெறுவதற்காக அல்லாமல், முதன்மையாகக் கட்டாயப் படுக்கை ஓய்வுக்காக நடந்த அனுமதிக்குச் செலவு கிடையாது. குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, நடக்க உதவுவது போன்ற அன்றாடப் பராமரிப்புக்கும் கிடையாது. தலைப்பில் ‘மறுவாழ்வு’ என்ற சொல் இருப்பது உண்மை. ஆனால் விதியின் உடலில் உள்ள சோதனை ஒன்றே ஒன்றுதான். வந்தது சிகிச்சைக்கா, ஓய்வுக்கா?

அதே 2019 ஆவணம் இன்னொன்றும் சொல்கிறது. மனநோய்க்கான சிகிச்சையை பாலிசியிலிருந்து விலக்கி வைக்கவே கூடாது. ஆக, ‘மனநோய்’ என்று நேராகச் சொல்லி மறுக்க வழியில்லாத இடத்தில் ‘ஓய்வு’ என்ற பின்வாசல் பயன்படுகிறது என்பது என் கணிப்பு. கடிதத்தில் இந்த மாதிரி உள்நோக்கம் எதையும் எழுதாதீர்கள். 42 நாளும் நடந்தது சிகிச்சைதான் என்று காட்டினால் போதும்.

அதைக் காட்டுவது உங்கள் வாதத்திறமை அல்ல, மையத்தின் கேஸ் ஷீட்.

கேஸ் ஷீட்டை வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி போதாது

கம்பெனியின் மருத்துவர் பல நேரம் டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் படித்துத்தான் முடிவெடுக்கிறார். அதில் ‘நோயாளியின் நிலை சீராக உள்ளது, மறுவாழ்வுத் திட்டத்தில் கலந்துகொண்டார்’ என்று ஒரு வரி இருந்தால் போதும், மறுப்புக்குக் காரணம் கிடைத்துவிடும். எழுதிய மருத்துவர் நல்லெண்ணத்தில்தான் எழுதியிருப்பார். சம்மரியைத் திருத்தித் தரச் சொல்லாதீர்கள். பின்னால் திருத்திய மருத்துவப் பதிவு உங்கள் வழக்கையே கெடுத்துவிடும். தனியாக ஒரு விளக்கக் கடிதம் வாங்கிக்கொள்ளலாம்.

கேட்டு வாங்க வேண்டியது முழு உள்நோயாளிக் கேஸ் ஷீட். அதில் டாக்டரின் தினசரிக் குறிப்பு, நர்ஸ் குறிப்பு, நாடி, ரத்த அழுத்தச் சார்ட், சாப்பாட்டுக் கண்காணிப்புச் சார்ட், மருந்துச் சார்ட், ரத்தப் பரிசோதனை முடிவுகள் எல்லாம் இருக்கும். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 பிரிவு 25 தன் மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமையை நோயாளிக்குத் தருகிறது. மகளுக்கு 19 வயது என்பதால் விண்ணப்பத்தில் அவள்தான் கையெழுத்துப் போட வேண்டும். பாலிசி அப்பா பெயரில் இருந்தாலும், தன் பதிவுகளை இந்த மேல்முறையீட்டுக்குப் பயன்படுத்தச் சம்மதம் என்று அவளிடம் ஒரு வரி எழுதி வாங்குங்கள். அலுவலக குரூப் பாலிசியாக இருந்தால் எச்.ஆர். கைக்கு எவ்வளவு போகலாம் என்பதையும் அவளே முடிவு செய்யட்டும்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் காகிதங்கள் முழுக்க எடையும் கலோரியும்தான். இந்த நோயிலிருந்து மீண்டுவரும் ஒருவரின் கண்ணில் அந்த எண்கள் படுவது நல்லதல்ல. கோப்பை ஹால் மேஜையில் போட்டு வைக்காதீர்கள். அவளிடம் கையெழுத்து வாங்கும் தாளில் எண் எதுவும் இருக்க வேண்டாம்.

நாட்களைப் பிரித்துப் பாருங்கள்

கடிதத்தின் உயிர் இந்தப் பகுதிதான், இதில் ஒரு முழு மாலையைச் செலவழியுங்கள். 42 நாளையும் ஒரே மூட்டையாகக் கட்டி ‘எல்லாம் அவசியம்’ என்று எழுதினால், கம்பெனி கடைசி வாரத்தைக் காட்டி மொத்தத்தையும் மறுக்கும். நம் மாதிரிக் குடும்பத்தின் கேஸ் ஷீட்டில் மூன்று கட்டங்கள் தெரிகின்றன.

1 முதல் 14 நாள் வரை உடல் ஆபத்து. நீண்ட நாள் பட்டினி கிடந்த உடலுக்குச் சாப்பாடு ஏறத் தொடங்கும்போது இன்சுலின் சுரந்து, ரத்தத்தில் உள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவற்றைச் செல்களுக்குள் இழுத்துக்கொள்ளும். ரத்தத்தில் அவற்றின் அளவு சட்டென்று விழுந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். இதை ரீஃபீடிங் சிண்ட்ரோம் என்பார்கள். அதனால்தான் சாப்பாட்டைப் படிப்படியாக ஏற்றி, அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். சார்ட்டில் ஒருநாள் விட்டு ஒருநாள் ரத்தப் பரிசோதனை, பொட்டாசியம் மருந்து, 11ஆம் நாள் வரை இரவு நாடி 50க்குக் கீழே என்று பதிவாகியிருக்கிறது. இந்தக் கட்டத்தை வாதாடுவது எளிது.

15 முதல் 30 நாள் வரை கொஞ்சம் கஷ்டம். ரத்தப் பரிசோதனை சரியாகிவிட்டது. ‘எல்லாம் நார்மல், பின் எதற்கு அட்மிஷன்?’ என்று கம்பெனி கேட்கும் இடம் இதுதான். ரீஃபீடிங் வாதத்தை இங்கேயும் இழுத்துக்கொண்டு வராதீர்கள், எடுபடாது. இங்கே ஆபத்து நோயின் நடத்தையில் இருக்கிறது. நர்ஸ் குறிப்பைத் தேடினால் 16ஆம் நாளும் 21ஆம் நாளும் சாப்பிட மறுத்தது, அந்த வாரம் எடை மறுபடி இறங்கியது, மருத்துவர் ஓலான்சாபைன் என்ற மனநல மருந்தின் அளவை மாற்றியது, ஒவ்வொரு வேளைக்கும் நர்ஸ் கூடவே உட்கார்ந்து பின் ஒரு மணி நேரம் கண்காணித்தது எல்லாம் தேதியோடு கிடைக்கிறது. ரத்தம் நார்மலாக இருப்பது கடுமையான அனோரெக்சியாவிலும் சகஜம். அதை ஆபத்து நீங்கியதற்குச் சான்றாக எடுக்க முடியாது. இந்த ஒரு வாக்கியத்தை மருத்துவர் கடிதத்தில் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள்.

31 முதல் 42 நாள் வரை வீட்டுச் சாப்பாட்டு முறைக்கு மாற்றுவது, பெற்றோரை உட்கார வைத்துப் பயிற்சி, சிகிச்சைப் பேச்சு. நேர்மையாகச் சொன்னால் வழக்கில் பலவீனமான கட்டம் இது. கோரிக்கையை அதற்கேற்ப அமைக்கலாம், கீழே சொல்கிறேன்.

மருத்துவரிடம் என்ன கேட்பது

‘சிகிச்சை அவசியம்’ என்று நான்கு வரிச் சான்றிதழால் பயனில்லை. மனநல மருத்துவர் இந்த நான்கு கேள்விக்கும் தன் லெட்டர்ஹெட்டில் பதில் எழுத வேண்டும். வெளிநோயாளிச் சிகிச்சை எவ்வளவு காலம் நடந்தது, ஏன் தோற்றது? 24 மணி நேரமும் நர்ஸ் இருக்கும் இடத்தில் மட்டுமே செய்ய முடிந்தது என்ன? நடுவில் வீட்டுக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எந்த அளவுகோலை எட்டியதும் டிஸ்சார்ஜ் செய்தார்?

நோயின் பெயரோடு, உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐ.சி.டி.யின் குறியீடும் இருக்கட்டும். ஐ.சி.டி.-10இல் அனோரெக்சியா F50.0, ஐ.சி.டி.-11இல் 6B80. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் பிரிவு 3, மனநோயை உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு போன்ற ஏற்கப்பட்ட மருத்துவத் தரங்களின்படி தீர்மானிக்கச் சொல்கிறது. குறியீடு இருந்தால், ‘இது மனநோய் இல்லை, உணவுப் பழக்கம்’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

கம்பெனி எடையை மட்டும் பிடித்துக்கொண்டு ‘இவ்வளவு இருந்தால் அட்மிஷன் தேவையில்லை’ என்றால், பிரிட்டனின் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதலை மருத்துவர் மேற்கோள் காட்டலாம். அனுமதிப்பதற்கு எடை அல்லது பி.எம்.ஐ.யின் ஒரு தனி எல்லையை அளவுகோலாக வைக்கக் கூடாது என்று அது தெளிவாகச் சொல்கிறது.

மையம் ‘மருத்துவமனை’ தானா?

இதை இப்போதே சரிபாருங்கள். முதல் காரணம் உடைந்தால் கம்பெனி அடுத்து எடுக்கக்கூடிய காரணம் இதுதான். பாலிசியின் வரையறைப்படி அந்த இடம் மருத்துவமனையாகப் பதிவாகியிருக்க வேண்டும், இல்லையேல் குறைந்தபட்சத் தகுதிகளை எல்லாம் நிறைவேற்ற வேண்டும். 10 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள ஊர் என்பதால் சென்னையில் 15 உள்நோயாளிப் படுக்கைகள் வேண்டும். 24 மணி நேரமும் தகுதியுள்ள நர்ஸும் மருத்துவரும் இருக்க வேண்டும், தினசரிப் பதிவேடும் வேண்டும். அறுவை அரங்கு அறுவை நடக்கும் இடங்களுக்கு மட்டும்தான், அதைச் சொல்லி மனநல மையத்தை மறுக்க முடியாது.

மையத்திடம் இரண்டு சான்றிதழ்களின் நகல் வாங்குங்கள். ஒன்று தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 1997இன் கீழான பதிவு. மற்றொன்று மாநில மனநல ஆணையத்திடம் மனநல நிறுவனமாகப் பெற்ற பதிவு. கூடவே படுக்கை எண்ணிக்கையும் நர்ஸ் பணி முறையும் சொல்லும் ஒரு கடிதம். எட்டு அறை உள்ள ஒரு பங்களா, பகலில் ஒரு கவுன்சிலர், இரவில் ஒரு வார்டன் என்றால் இந்த மேல்முறையீடு தேறுவது கஷ்டம். அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கடிதம்

ஆங்கிலத்தில் அனுப்புவதுதான் நடைமுறையில் வசதி. ஆனால் முதலில் தமிழில் எழுதிப் பாருங்கள், எங்கே வாதம் ஓட்டையாக இருக்கிறது என்று உடனே தெரியும். இரண்டரைப் பக்கத்தைத் தாண்ட வேண்டாம். பெறுநர் கம்பெனியின் குறைதீர்ப்பு அலுவலர், டி.பி.ஏ. அல்ல. மேலே பாலிசி எண், கிளெய்ம் எண், மறுப்புக் கடிதத்தின் தேதி, தொகை. முதல் பத்தியிலேயே கோரிக்கை வந்துவிட வேண்டும்:

> மேற்கண்ட கிளெய்மை Excl05இன் கீழ் நிராகரித்த தங்கள் முடிவை ரத்து செய்து, ரூ.3,78,000ஐ வழங்குமாறு கோருகிறேன். அந்த விதி, சிகிச்சைக்காக அல்லாமல் ஓய்வுக்காக நடந்த அனுமதிக்கு மட்டுமே பொருந்தும். என் மகள் 42 நாட்களும் பெற்றது மருத்துவர் மேற்பார்வையிலான சிகிச்சை என்பதை இணைப்பு 3இல் உள்ள தினசரிப் பதிவுகள் காட்டுகின்றன.

அடுத்து கம்பெனியின் சொந்த நடத்தை. இந்த வழக்கில் அதுதான் பெரிய பலம்:

> இதே நோய்க்கு, இந்த அனுமதிக்கு நேர் முந்தைய 9 நாள் உள்நோயாளிச் சிகிச்சையைத் தாங்கள் ஏற்று ரூ.1,12,000 வழங்கியுள்ளீர்கள். இடைவெளி இன்றி, மருத்துவரின் பரிந்துரையின் பேரில் மாற்றப்பட்ட நோயாளிக்கு, மாற்றப்பட்ட அன்றே வெளிநோயாளிச் சிகிச்சை போதுமானதாகிவிட்டது என்று தங்கள் மருத்துவர் எந்தப் பதிவின் அடிப்படையில் முடிவு செய்தார் என்பதைத் தெரிவிக்கவும்.

பிறகு மூன்று கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. ஒவ்வொரு வாக்கியத்திலும் தேதியும் கேஸ் ஷீட்டின் பக்க எண்ணும் இருக்கட்டும். ‘மகள் மிகவும் வேதனைப்பட்டாள்’ என்பதைவிட ‘21ஆம் நாள் மதிய உணவை மறுத்தார், பக்கம் 57’ என்பது கனமானது. வெளிநோயாளிச் சிகிச்சை ஐந்து மாதம் முயன்று தோற்றதற்கு ரசீதுகளையும் எடைப் பதிவையும் இணையுங்கள். ‘வெளிநோயாளியாகவே பார்த்திருக்கலாம்’ என்ற வாதத்துக்கு அதுவே பதில்.

சட்டத்துக்கு ஒரே பத்தி போதும். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 பிரிவு 21(4), உடல்நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு தருகிறார்களோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்கிறது. 2018 ஆகஸ்ட் 16 அன்று இதைப் பின்பற்றும்படி ஐ.ஆர்.டி.ஏ.ஐ. எல்லாக் கம்பெனிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. நேஷனல் இன்சூரன்ஸ் தரப்பாக இருந்த வழக்கில் 2021 ஏப்ரல் 19 அன்று டெல்லி உயர் நீதிமன்றம், சட்டம் நடைமுறைக்கு வந்த 2018 மே 29 முதலே கம்பெனிகள் இதற்குக் கட்டுப்பட்டவை என்று தீர்ப்பளித்தது. இதை உங்கள் வழக்கோடு இப்படி இணைக்கலாம்: சர்க்கரை நோயாளியின் கால் புண்ணுக்கு ஆறு வாரம் உள்நோயாளியாக இருந்தால் இந்த பாலிசி நாள் கணக்கு பார்ப்பதில்லை, அதே பாலிசி மனநோய்க்கு மட்டும் பார்ப்பது ‘அதே அடிப்படை’ ஆகாது. பாலிசியில் நாள் வரம்பு உண்மையிலேயே இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே இதை எழுதுங்கள்.

ஊட்டச்சத்துப் பானங்களின் செலவை, ஊட்டச்சத்துப் பொருட்களை விலக்கும் Excl14 விதியைச் சொல்லிக் கழித்திருந்தால் ஒரு வரி சேருங்கள். உள்நோயாளிச் சிகிச்சையின் பகுதியாக மருத்துவர் எழுதித் தந்தவற்றை அந்த விதியே விதிவிலக்காக ஏற்கிறது.

கடைசியில் மாற்றுக் கோரிக்கை. பலர் இதை விட்டுவிடுகிறார்கள்:

> முழுத் தொகையை ஏற்க இயலாது எனத் தாங்கள் கருதினால், முதல் 30 நாட்களுக்கான ரூ.2,70,000ஐ உடனடியாக வழங்கி, மீதி 12 நாட்களை மறுப்பதற்கான மருத்துவக் காரணத்தை நாள்வாரியாகத் தெரிவிக்கவும்.

இது விட்டுக்கொடுப்பது போலத் தோன்றும். உண்மையில், பலவீனமான கட்டம் பலமான கட்டத்தைக் கீழே இழுக்காமல் இது தடுக்கிறது. உதவியாளர் சாப்பாடு, சலவை போன்ற மருத்துவம் சாராத பில் இருந்தால் நீங்களே முதலில் கழித்துவிடுங்கள்.

‘முன்பே இருந்த நோயை மறைத்தீர்கள்’ என்ற குற்றச்சாட்டும் சேர்ந்து வந்திருந்தால், பாலிசி தொடர்ந்து 60 மாதம் ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகு, மோசடி என்று நிரூபித்தால் தவிர, நோயை மறைத்ததாகச் சொல்லி மறுக்க முடியாது. ஏழாம் வருடத்தில் இருக்கும் நம் குடும்பத்துக்கு அந்தப் பயம் இல்லை.

அனுப்பிய பிறகு

மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். அதே நாளில் bimabharosa.irdai.gov.in தளத்தில் புகாரைப் பதிந்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். 155255 என்ற எண்ணில் பேசியும் பதியலாம். கம்பெனி இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும். ‘உங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது’ என்று வரும் மின்னஞ்சலைப் பதிலாகக் கணக்கிடாதீர்கள்.

மறுபடியும் மறுத்தாலோ, ஒரு மாதம் பதிலே வராவிட்டாலோ, காப்பீட்டுப் புகார்களை விசாரித்து உத்தரவு போடும் காப்பீட்டு ஓம்பட்ஸ்மேனின், அண்ணா சாலையில் தேனாம்பேட்டையில் இருக்கும் அலுவலகத்துக்குப் போகலாம். தமிழ்நாடு முழுக்க அதன் எல்லைதான். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரை கேட்கலாம். கம்பெனியின் இறுதி மறுப்பிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். ஒரே விஷயத்துக்கு நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் ஓம்பட்ஸ்மேன் எடுத்துக்கொள்ள மாட்டார், அதனால் வரிசையை மாற்றாதீர்கள். குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதிய அதே கடிதம், அதே இணைப்புகள் அங்கேயும் போதும். புது வாதம் தேடி அலைய வேண்டாம்.

விசாரணையில் கம்பெனி சார்பில் அவர்களின் மருத்துவரும் வரலாம். பொதுவாகப் பேசத் தொடங்கினால், 15ஆம் நாளிலிருந்து 30ஆம் நாள் வரையிலான நர்ஸ் குறிப்பை எடுத்து வைத்து, எந்த நாளில் வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம் என்று அவரையே கேளுங்கள். உத்தரவு உங்கள் பக்கம் வந்தால் கம்பெனி 30 நாளுக்குள் நிறைவேற்ற வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வீதம் உங்களுக்குச் சேர்த்துத் தர வேண்டும். ஆகவே உத்தரவு கைக்கு வந்த தேதியைக் கோப்பின் முகப்பிலேயே எழுதி வையுங்கள்.